உராய்வில்லாத சரிவு வளைவு: கோணம் கண்டுபிடிக்கும்போது அடிக்கடி வரும் கேள்விகள்

வளைவில் சாலையின் வெளிப்பக்கத்தை உயர்த்தி, உள்பக்கத்தைத் தாழ்த்திப் போடுகிறார்கள். உராய்வு துளியும் இல்லை என்று வைத்துக்கொண்டு, இந்த வேகத்துக்கு இந்த ஆரத்துக்கு எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இரண்டு வரியில் முடிகிற கணக்கு, ஆனால் அந்த இரண்டு வரியில் முதல் வரியிலேயே பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கீழே எல்லா இடத்திலும் ஒரே காரைத்தான் ஓட்டப்போகிறேன்: மணிக்கு 72 கி.மீ., வளைவின் ஆரம் 100 மீட்டர், நிறை போட வேண்டிய இடத்தில் 1000 கிலோ.

சூத்திரத்தை மட்டும் முதலில் சொல்லுங்கள், மீதியை அப்புறம் படித்துக்கொள்கிறேன்.

tan θ = v² / (r g)

v என்பது வேகம், மீட்டர்/விநாடியில். r வளைவின் ஆரம், மீட்டரில். g-க்கு 9.8 போடுங்கள். θ என்பது சாலை கிடைமட்டத்தோடு செய்யும் கோணம். அவ்வளவுதான். நிறை இதில் இல்லை என்பதைக் கவனித்துவிட்டுப் போங்கள்.

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்ட முடியுமா?

முதலில் வேகத்தை மாற்ற வேண்டும். மணிக்கு 72 கி.மீ. என்பதை 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு 20 மீட்டர். அதன் வர்க்கம் 400. கீழே r g, அதாவது 100 × 9.8 = 980. 400-ஐ 980-ஆல் வகுத்தால் 0.408. எந்தக் கோணத்துக்கு tan 0.408 என்று கால்குலேட்டரைக் கேட்டால் 22.2 டிகிரி என்று சொல்லும்.

எப்போதுமே கி.மீ./மணியில்தான் வேகம் கொடுக்கிறார்கள் என்றால் மாற்றும் வேலையைச் சூத்திரத்துக்குள்ளேயே தள்ளிவிடலாம்: tan θ = V² / (127 r). 127 என்பது 9.8-ஐ 3.6-ஆல் இரண்டு முறை பெருக்கினால் வருவது. 72-இன் வர்க்கம் 5184, அதை 12700-ஆல் வகுத்தால் அதே 0.408. சாலைப் பொறியாளர்கள் இந்த 127-ஐத்தான் கையில் வைத்திருப்பார்கள்.

உராய்வே இல்லை என்றால் வண்டியைத் திருப்புவது யார்?

சாலைதான். வண்டியின் மேல் மொத்தமே இரண்டு விசைகள். ஒன்று எடை, mg, நேராகக் கீழே. இன்னொன்று சாலை வண்டியைத் தள்ளுகிற விசை, N. உராய்வு இல்லாத தளத்தால் பக்கவாட்டில் பிடித்து இழுக்க முடியாது, தன் பரப்புக்கு 90 டிகிரியில் தள்ள மட்டுமே முடியும். சமதளச் சாலையாக இருந்தால் அந்தத் தள்ளல் முழுக்க மேல்நோக்கிப் போய்விடும், திருப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது, ஸ்டீயரிங்கை என்ன திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். சாலையைச் சாய்த்தால் தள்ளலும் கூடவே சாய்கிறது, அதில் ஒரு பங்கு வளைவின் மையத்தைப் பார்க்கிறது. அந்தப் பங்குதான் வண்டியைத் திருப்புகிறது.

இப்போது N-ஐ நிலைக்குத்தாக ஒரு கூறு, கிடையாக ஒரு கூறு என்று பிரியுங்கள். வண்டி மேலேயும் ஏறவில்லை கீழேயும் இறங்கவில்லை, ஆகவே நிலைக்குத்துக் கூறு எடையைச் சரியாகத் தாங்க வேண்டும்:

N cos θ = mg

கிடைக்கூறு, 20 மீட்டர்/விநாடியில் வட்டமடிக்கத் தேவையான மையநோக்கு விசையாக இருக்க வேண்டும்:

N sin θ = m v² / r

இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் N-உம் போச்சு, m-உம் போச்சு, tan θ = v² / (r g) நிற்கிறது.

சாய்தளக் கணக்கில் N = mg cos θ என்று படித்தோமே. இங்கே மட்டும் ஏன் N cos θ = mg?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். நானும் பரீட்சையில் இதே தப்பைச் செய்து, வழி முழுக்கச் சரியாகத் தெரிகிறதே, விடை மட்டும் ஏன் இடிக்கிறது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன்.

இரண்டு கணக்கிலும் படம் ஒன்றுதான். ஒரு சரிவு, அதன் மேல் ஒரு பொருள், கீழே எடை, தளத்துக்கு 90 டிகிரியில் N. வேறுபாடு படத்தில் இல்லை, பொருள் எந்தத் திசையில் முடுக்கம் அடைகிறது என்பதில் இருக்கிறது. சாய்தளத்தில் வழுக்கும் பெட்டி சரிவு வழியாகக் கீழே முடுக்கமடைகிறது, தளத்துக்குக் குறுக்காக அதற்கு முடுக்கமே கிடையாது. அதனால் அந்தக் குறுக்குத் திசையில் விசைகள் சமம், N = mg cos θ. வளைவில் போகும் காரோ சரிவு வழியாக நகரவே இல்லை. அது ஒரே உயரத்தில் வட்டமடிக்கிறது, அதன் முடுக்கம் கிடைமட்டமாக, மையத்தை நோக்கி இருக்கிறது. அதனால் இங்கே விசைகள் சமமாவது நிலைக்குத்துத் திசையில்: N cos θ = mg.

சுருக்கமாக, எந்தத் திசையில் முடுக்கம் இல்லையோ அந்தத் திசையில்தான் சமன் செய்ய வேண்டும். சரிவைப் பார்த்ததும் கை தானாக mg cos θ எழுதிவிடுகிறது, அந்தக் கையைத்தான் பிடிக்க வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நம் 1000 கிலோ காரின் எடை 9800 நியூட்டன். 22.2 டிகிரிக்கு cos 0.926. சரியான N என்பது 9800 / 0.926, சுமார் 10580 நியூட்டன். அதாவது சாலை வண்டியை அதன் எடையைவிட அதிகமாகத் தள்ளுகிறது. அதன் கிடைக்கூறு 10580 × 0.378, சுமார் 4000 நியூட்டன். தேவையான மையநோக்கு விசை 1000 × 400 / 100, அதுவும் 4000. கச்சிதமாகப் பொருந்துகிறது.

இப்போது தப்பான வழியில் N = mg cos θ என்று போட்டால் N சுமார் 9070. அதன் நிலைக்குத்துக் கூறு சுமார் 8400தான் வரும். எடையோ 9800. மீதி 1400 நியூட்டனை யார் தாங்குவது? யாரும் இல்லை. அப்படியானால் கார் சாலையைத் துளைத்துக்கொண்டு கீழே போக வேண்டும்.

அந்தத் தப்பு வழியையே கடைசிவரை ஓட்டினால் sin θ cos θ = v² / (r g) என்று வரும், நம் கணக்குக்கு 27.4 டிகிரி கிடைக்கும். பார்த்தால் நம்பும்படியான விடை, அதுதான் ஆபத்து. ஆனால் வேகத்தை மணிக்கு 90 கி.மீ. ஆக்கிப் பாருங்கள். v² / (r g) இப்போது 0.638. sin θ cos θ எந்தக் கோணத்துக்கும் 0.5-ஐத் தாண்டாது. விடையே இல்லை! சரியான சூத்திரம் 32.5 டிகிரி என்று அமைதியாகச் சொல்லிவிடும். கோணத்தைக் கூட்டினால் எந்த வேகத்துக்கும் ஒரு சரிவு இருந்தாக வேண்டும், திடீரென்று விடை காணாமல் போனால் முதல் வரிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

ஒரு விஷயம், தமிழில் படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பத்தில் சொல்லுக்கும் பங்கு உண்டு. N-க்கு "செங்குத்து விசை" என்ற பெயரைப் புத்தகத்தில் பார்த்ததும் பலர் அதை நேர் மேல்நோக்கி வரைந்துவிடுகிறார்கள், ஏனென்றால் பேச்சில் செங்குத்து என்றால் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்பது. இங்கே அதன் அர்த்தம் "தளத்துக்குச் செங்குத்து". நேர் மேலே என்பதற்கு நான் எப்போதும் "நிலைக்குத்து" என்றே எழுதுகிறேன், நீங்களும் விடைத்தாளில் அப்படிப் பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் வராது.

அப்படியென்றால் அச்சுகளைச் சரிவோடு சேர்த்துச் சாய்த்துப் போடுவது தப்பா?

தப்பே இல்லை, தாராளமாகப் போடலாம், ஆனால் அப்போது முடுக்கத்தையும் கூறாகப் பிரிக்க வேண்டும். அதை மறந்துவிடுவதால்தான் மேலே சொன்ன தப்பு வருகிறது.

முடுக்கம் v² / r, கிடைமட்டமாக. சரிவு வழியாக அதன் கூறு (v² / r) cos θ. அந்தத் திசையில் இருக்கும் ஒரே விசை எடையின் கூறு mg sin θ. இரண்டையும் சமன் செய்தால் g sin θ = (v² / r) cos θ. cos θ-வால் வகுத்தால் அதே பழைய விடை, N உள்ளேயே வராமல் ஒரே வரியில். N வேண்டும் என்றால் தளத்துக்குக் குறுக்கான திசையில் N − mg cos θ = (m v² / r) sin θ. N என்பது mg cos θ-வைவிட அதிகம் என்பது இதில் கண்ணெதிரே தெரியும்.

மையவிலக்கு விசையைப் படத்தில் வரையலாமா?

சாலையோரம் நின்று பார்ப்பவராகக் கணக்குப் போட்டால் வரையக் கூடாது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவராகப் போட்டால் வரையலாம், அப்போது வண்டி அசையாமல் நிற்பதாக வைத்து மூன்று விசைகளைச் சமன் செய்வீர்கள், விடை மாறாது. ஒரே படத்தில் மையநோக்கையும் மையவிலக்கையும் சேர்த்து வரைந்தால்தான் வம்பு. மையநோக்கு விசை என்பதும் தனியாக வரைய வேண்டிய விசை இல்லை, N-இன் கிடைக்கூறுக்கு இங்கே கிடைத்திருக்கும் பெயர், அவ்வளவே.

லாரிக்கும் பைக்குக்கும் ஒரே கோணம் போதுமா?

போதும். நிறை கூடினால் திருப்பத் தேவையான விசையும் அதே மடங்கு கூடுகிறது, சாலை தரும் N-உம் அதே மடங்கு கூடுகிறது. வேகம்தான் ஒன்றாக இருக்க வேண்டும்.

வேகத்தை இரண்டு மடங்காக்கினால் கோணமும் இரண்டு மடங்கா?

இல்லை, நான்கு மடங்கும் இல்லை. நான்கு மடங்காவது tan. அதே 100 மீட்டர் வளைவில் விநாடிக்கு 10 மீட்டருக்கு 5.8 டிகிரி, 20 மீட்டருக்கு 22.2 டிகிரி, 40 மீட்டருக்கு 58.5 டிகிரி. ஆரம்பத்தில் கோணம் விறுவிறுவென்று ஏறுகிறது, பிறகு 90-ஐ நெருங்க நெருங்க சோம்பிப்போகிறது. 90-ஐத் தொடவே தொடாது, ஏனென்றால் சுவர் மாதிரி நின்றுவிட்ட தளத்தின் தள்ளலில் எடையைத் தாங்க ஒரு துளியும் மிஞ்சாது. மரணக் கிணற்றில் பைக் ஓட்டுபவர் நிலைக்குத்துச் சுவரில் நிற்கிறாரே என்றால், அங்கே எடையைத் தாங்குவது உராய்வு.

குறித்த வேகத்தைவிட மெதுவாகப் போனால் என்ன ஆகும்?

சரிவில் உள்பக்கமாக, கீழே வழுக்கும். இது எல்லோரும் சொல்வதுதான். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தூரம் என்பதைப் பார்ப்போம், எனக்கு இந்தக் கணக்கில் ரொம்பப் பிடித்த இடம் இது.

22.2 டிகிரி சாலையில் கார் 20-க்குப் பதிலாக 18 மீட்டர்/விநாடியில் வருகிறது என்று வையுங்கள், மணிக்கு 65 கி.மீ. சரிவு வழியாகக் கீழே இழுப்பது g sin θ = 3.70. வட்டத்தில் தொடரத் தேவைப்படுவது (v² / r) cos θ = 3.24 × 0.926 = 3.00. மிச்சம் 0.70 மீட்டர்/விநாடி². முதல் விநாடியில் கார் 35 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும், ஓட்டுநருக்குப் பெரிதாகத் தெரியாது. மூன்று விநாடியில் 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அதாவது கிட்டத்தட்ட ஒரு தடத்தின் அகலம். பிரேக்கும் வேலை செய்யாது, ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது, இரண்டுமே உராய்வை நம்பி இருப்பவை.

சரி, அப்படியே வழுக்கிக்கொண்டே மையத்துக்குப் போய்விடுமா? போகாது. கீழே இறங்கும்போது காரின் வேகம் கூடுகிறது, கூடவே வட்டத்தின் ஆரமும் குறைகிறது, இரண்டும் சேர்ந்து v² / r-ஐ ஏற்றுகின்றன. 93 மீட்டர் ஆரத்துக்கு வரும்போது அந்தச் சரிவுக்குத் தேவையான சமநிலை வந்துவிடுகிறது, ஆனால் கையில் இறங்கும் வேகம் இருப்பதால் ஊஞ்சல் மாதிரி அதையும் தாண்டி 87 மீட்டர் வரை போய் நின்று, திரும்ப மேலே ஏறி, 100-க்கு வந்து, மறுபடி இறங்கும். ஒரு முறை இறங்கி ஏற ஏறத்தாழ 20 விநாடி. சாலை ஒரு பெரிய புனலின் உள்சுவர் மாதிரி முழு வட்டமாக இருந்தால் இது நடக்கும்.

இதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. உராய்வு இல்லை, N-ஆலும் மைய அச்சைச் சுற்றித் திருக முடியாது, ஆகவே வேகம் × ஆரம் மாறாது: 18 × 100 = 1800. கடைக்கோடியில் 87 மீட்டர் என்றால் அங்கே வேகம் 1800 / 87 = 20.7. இன்னொரு பக்கம் ஆற்றலை வைத்துப் பாருங்கள். 13 மீட்டர் உள்ளே வந்ததில் உயரம் 13 × 0.408, அதாவது 5.3 மீட்டர் குறைந்திருக்கிறது. 18² + 2 × 9.8 × 5.3 என்பது 428, அதன் வர்க்கமூலம் 20.7. இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

ஆனால் சரிவு வழியாக அளந்தால் அந்தப் பயணம் 14 மீட்டர். அவ்வளவு அகலமான சாலை இருக்காது என்பதால், நடைமுறையில் கார் திரும்பி வருவதற்கு முன்பே உள்விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கியிருக்கும். பாடப்புத்தகத்தில் "கீழே வழுக்கும்" என்று ஒரே சொல்லில் முடிப்பதும் அதனால்தான்.

வேகம் கூடினால்?

மேலே சொன்னதன் தலைகீழ். விநாடிக்கு 22 மீட்டரில் வந்தால் சுமார் 0.78 மீட்டர்/விநாடி² முடுக்கத்தில் வெளிப்பக்கமாக ஏறும். இங்கேயும் போதுமான அகலம் இருந்தால் ஏறுவதில் வேகம் குறைந்து திரும்பும். ஒன்றைக் கவனியுங்கள், வெளிப்பக்கம் "தூக்கி எறியப்படுவது" இல்லை. கார் தன் போக்கில் நேராகப் போகப் பார்க்கிறது, சாலை போதுமான அளவு திருப்பவில்லை, அவ்வளவுதான்.

ஆரம் என்பதை எங்கிருந்து அளப்பது? சரிவு வழியாகவா?

இல்லை, கிடைமட்டமாக. கார் போகும் வட்டம் ஒரு கிடைத்தளத்தில் இருக்கிறது, அந்த வட்டத்தின் மையம் காரின் அதே உயரத்தில் இருக்கிறது. மேலிருந்து வரைபடம் பார்ப்பது போல் பார்த்து அளந்தால் சரியாக வரும்.

வெளிவிளிம்பை எத்தனை மீட்டர் உயர்த்த வேண்டும் என்று கேட்டால்?

அகலத்தை எப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 7 மீட்டர் என்பது சாலைப் பரப்பின் மேல் அளந்தது என்றால் உயரம் 7 × sin θ = 2.65 மீட்டர். அதே 7 மீட்டர் வரைபடத்தில் கிடைமட்டமாக அளந்தது என்றால் 7 × tan θ = 2.86 மீட்டர். 20 சென்டிமீட்டர் வித்தியாசம். ஐந்தாறு டிகிரிக்குள் இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால்தான் ரயில் பாதைக் கணக்குகளில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

விடை சரியா தப்பா என்று பார்த்ததும் சொல்ல வழி உண்டா?

இரண்டு தப்புகள் முகத்திலேயே தெரியும். 79 டிகிரி போல ஏதாவது வந்தால் கி.மீ./மணியை மாற்றாமல் அப்படியே போட்டிருக்கிறீர்கள், 72-ஐ நேரடியாக v என்று வைத்தால் tan 5.29, கோணம் 79.3. மாறாக 0.39 என்று வந்தால் கால்குலேட்டர் RAD-இல் நிற்கிறது, அதை DEG-க்கு மாற்றுங்கள். மூன்றாவது தப்பு, N-ஐப் பற்றி மேலே சொன்னது, முகத்தில் தெரியாது. அதற்கு N எடையைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். சிறிதாக இருந்தால் தப்பு.

வண்டிக்குள் இருப்பவருக்குக் குறித்த வேகத்தில்தான் போகிறோம் என்று எப்படித் தெரியும்?

பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரியான வேகத்தில் தண்ணீரின் மேல்பரப்பு வண்டியின் தரைக்கு இணையாக இருக்கும், சாலை 22 டிகிரி சாய்ந்திருந்தாலும்கூட. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உலகம் சாய்ந்திருக்கும், பாட்டிலுக்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். மெதுவாகப் போனால் தண்ணீர் உள்பக்கம் ஏறி நிற்கும், வேகமாகப் போனால் வெளிப்பக்கம். உடம்புக்குத் தெரிவது ஒன்றே ஒன்று, கொஞ்சம் கனத்த மாதிரி இருக்கும்: N / mg = 1 / cos θ = 1.08, அதாவது 8 சதவீதம். விமானம் ஒழுங்காகச் சாய்ந்து திரும்பும்போது கையில் இருக்கும் கோப்பை சிந்தாமல் இருப்பதும் இதே கணக்குதான், சூத்திரமும் இதேதான்.

நிஜச் சாலையில் 22 டிகிரி சரிவை நான் பார்த்ததே இல்லையே?

பார்த்திருக்க முடியாது. சாதாரணச் சாலைகளில் 100 மீட்டர் அகலத்துக்கு 10 மீட்டர் உயரம் என்ற விகிதம், அதாவது tan θ = 0.1, கோணம் 5.7 டிகிரி, அதையொட்டியே நிறுத்திக்கொள்கிறார்கள். காரணம், எல்லோரும் ஒரே வேகத்தில் வருவதில்லை. நெரிசலில் வண்டி நின்றுவிடும். நின்ற வண்டிக்கு மையநோக்கு முடுக்கம் கிடையாது, அது வெறும் சாய்தளத்துப் பெட்டி, கீழே வழுக்காமல் இருக்க tan θ-வைவிட அதிகமான உராய்வுக் குணகம் வேண்டும். பனி உறைந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.1 அளவுக்கே இறங்கிவிடும். 22 டிகிரி போட்டிருந்தால் நிற்கிற வண்டியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்பக்கம் சறுக்கிக் குவியும். உயரமான லாரி கவிழ்கிற பயமும் உண்டு.

அதனால் சாலை போடுபவர்கள் கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள். சரிவு இவ்வளவுதான் என்று முதலில் முடிவு, பிறகு r = v² / (g tan θ) என்று ஆரம் கண்டுபிடிப்பது. 20 மீட்டர்/விநாடிக்கு 0.1 சரிவில் உராய்வே இல்லாமல் திரும்ப 408 மீட்டர் ஆரம் வேண்டும். அவ்வளவு இடம் பெரும்பாலும் இருக்காது, எனவே உராய்விடம் கொஞ்சம் கடன் வாங்குகிறார்கள். 0.15 அளவுக்கு உராய்வைச் சேர்த்துக்கொண்டால் 0.1 + 0.15 = 0.25, ஆரம் 163 மீட்டராகச் சுருங்குகிறது.

நம் 22 டிகிரி சாலையில் உராய்வைச் சேர்த்தால் என்ன மாறும்?

ஒரே வேகம் என்பது ஒரு வேக வரம்பாக மாறும். உராய்வுக் குணகம் μ என்றால் மேல் எல்லை v² = r g (tan θ + μ) / (1 − μ tan θ), கீழ் எல்லைக்கு μ-வின் குறிகளை மாற்றிப் போட வேண்டும். μ = 0.3 என்று வைத்தால் மணிக்கு சுமார் 35 கி.மீ. முதல் 101 கி.மீ. வரை கார் பக்கவாட்டில் வழுக்காது. 72 இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது, நடுவில் இல்லை. அந்த வேகத்தில் மட்டும் டயருக்குப் பக்கவாட்டு வேலையே இல்லை, அதற்குக் கீழே டயர் வண்டியை மேலே பிடித்து வைக்கிறது, மேலே போனால் உள்பக்கம் இழுக்கிறது. ஆனால் 0.3 என்பது 0.408-ஐவிடக் குறைவு, ஆகவே நின்றால் இந்தக் காரும் சறுக்கத்தான் செய்யும்.

ரேஸ் டிராக்குகளில் இவ்வளவு சாய்த்துப் போடுகிறார்களே?

அங்கே நிற்கிற வண்டியைப் பற்றிக் கவலை குறைவு. அமெரிக்காவின் டேட்டோனா ஓட்டப்பாதையில் வளைவுகள் 31 டிகிரி. ஆரத்தைச் சுமார் 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டு நம் சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள்: v² = 300 × 9.8 × 0.601, வேகம் விநாடிக்கு 42 மீட்டர், மணிக்கு 150 கி.மீ. பந்தய கார்கள் அங்கே அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் போகின்றன. இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு tan வேண்டும், அதாவது 67 டிகிரி. இருப்பது 31தான். மீதி முழுவதையும் டயர்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன, காரை மேலிருந்து காற்று அழுத்துவதும் அதற்கு உதவுகிறது.